அப்பா விட்டுச்சென்ற மொய் நோட்டு

கேள்வி: அன்புள்ள அம்மா, எங்களுக்குப் பேராவூரணி பக்கத்தில் ஒரு கிராமம். நான் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன். அப்பா சென்ற ஆண்டு காலமானார். பீரோவில் அவருடைய மொய் நோட்டுகள் மூன்று கிடைத்தன. கடைசியாக 2017 ஆடியில் விருந்து வைத்திருக்கிறார். அதில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் 5,000 ரூபாய் செய்திருக்கிறார். எட்டு ஆண்டுகள் கழித்து இந்த ஆவணியில் அவர் வீட்டு விருந்து வருகிறது. 10,000 செய்ய வேண்டும் என்கிறார் அம்மா. இது கந்துவட்டியைவிட மோசம், ஊரை விட்டு வந்தாயிற்று, நிறுத்திவிடலாம் என்கிறார் மனைவி. இது அன்பளிப்பா, கடனா? நிறுத்துவதென்றால் எப்படி நிறுத்துவது?

பதில்: மூன்று நோட்டுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு முதலில் ஒன்றைக் கவனியுங்கள். அவற்றில் எழுதியிருப்பவை எல்லாம் உங்கள் அப்பாவுக்கு வந்தவை. அவர் பிறருக்குச் செய்தவை அவற்றில் இல்லை. அவை அந்தந்த வீட்டு நோட்டுகளில் இருக்கின்றன. சில வீடுகளில் 'செய்த மொய்' என்று தனியாக ஒரு நோட்டு வைத்திருப்பார்கள். பெரும்பாலான வீடுகளில் அது குடும்பத் தலைவரின் நினைவில்தான் இருக்கும். ஆக, உங்கள் கையில் இருப்பது கடன் பட்டியல் மட்டும். உங்கள் வீட்டுக்கு வர வேண்டியது ஐம்பது, நூறு வீடுகளில் சிதறிக் கிடக்கிறது, அப்பா போனதும் அதை முழுவதும் அறிந்தவரும் போய்விட்டார். மொய் நோட்டைப் புரட்டும் பிள்ளைகள் பெரும்பாலும் மிரண்டுபோவது இதனால்தான். பாதிக் கணக்கைப் பார்த்துவிட்டு அதையே முழுக் கணக்கென்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அந்தப் பக்கத்து ஊர்க்காரரின் 5,000 ரூபாயையே எடுத்துக்கொள்வோம். அவர் வீட்டில் அதற்கு முன்பு எப்போது விருந்து நடந்தது, அப்பா என்ன செய்தார் என்று அம்மாவிடம் கேளுங்கள். ஒரு பேச்சுக்கு, 2014-இல் அப்பா அவருக்கு 3,000 செய்திருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 2017-இல் அவர் கொடுத்த 5,000-இல் 3,000 பழைய மொய், அதாவது அப்பாவின் பணமே திரும்பி வந்தது. மீதி 2,000 மட்டும்தான் புது மொய். நீங்கள் இன்று அவருக்குத் தர வேண்டியது அந்த 2,000. நீங்கள் 10,000 செய்தால் அதில் 2,000 கடன் அடைந்து, 8,000 உங்கள் பக்கத்திலிருந்து புதிதாக அவர் வீட்டில் போய் நிற்கும். முந்தைய விருந்துக்கு அப்பா போகவே இல்லை என்றால், 5,000 முழுவதும் கடன். நோட்டில் இருப்பது ஒரே எண்தான். அதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இரண்டில் எது என்பதைப் பொறுத்து நீங்கள் செய்ய வேண்டியது மாறும். சிலர் எழுதும்போதே பழையது இவ்வளவு, புதியது இவ்வளவு என்று பிரித்துச் சொல்வார்கள். பலர் சொல்வதில்லை, மொத்தத் தொகைதான் ஏறும். தலைமுறை மாறும்போது சண்டை வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வாங்கியவர் மகன் மொத்தத்தைப் பார்த்து மலைக்கிறான்; கொடுத்தவர் மகனும் மொத்தத்தைத்தான் எதிர்பார்க்கிறான்.

உங்கள் மனைவியின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் வட்டி என்ற சொல் இங்கே பொருந்தாது. வட்டி வாங்கியவர் அதைத் தன் பையில் போட்டுக்கொண்டு போகலாம், திருப்பித் தர வேண்டியதில்லை. புது மொய்யோ வாங்கிய நொடியிலேயே கடனாகிவிடுகிறது. நீங்கள் கூடுதலாக வைக்கும் 8,000-ஐ அவர் உங்கள் வீட்டு விருந்தில் திருப்பித் தர வேண்டும், தரும்போது அவரும் கொஞ்சம் கூட்டித் தருவார். கூடுதல் பணம் இருவருக்கும் இடையே போய்ப்போய் வருகிறது, எவருக்கும் லாபமாகத் தங்குவதில்லை. யார் எப்போது கையில் பணத்தை வைத்திருக்கிறார் என்பதில்தான் ஆதாயம் இருக்கிறது.

பண மதிப்பையும் பாருங்கள். விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறுகிறது என்று கொண்டால், 2017-இல் 5,000 ரூபாய்க்கு வாங்கியதை வாங்க இன்று ஏறத்தாழ 8,000 வேண்டும். அதே 5,000-ஐ நீட்டினால் எண் சரியாக இருக்கும், பொருள் குறைந்திருக்கும். இரட்டிப்பாகச் செய்யச் சொல்லும் பழக்கத்துக்குள் இந்தத் தேய்மானத்தின் ஈடும் அடங்கியிருக்கிறது. பன்னிரண்டு ஆண்டு கழித்து இரட்டிப்பாகத் தந்தால் அது வாங்கிய மதிப்பைத் திருப்பித் தந்ததாகும், அவ்வளவுதான். ஐந்தே ஆண்டில் இரட்டிப்பு என்றால்தான் கொடுப்பவருக்கு உண்மையிலேயே பாரம்.

கூடுதல் ஏன் வேண்டும், வாங்கியதை மட்டும் தந்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். என் துறையான மானுடவியலின் நூறாண்டுப் பேச்சு இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது. பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925-இல் வெளியிட்ட கட்டுரையில், கொடை கொடுக்கும் சமூகங்களில் மூன்று கடமைகள் இருப்பதாகச் சொன்னார்: கொடுத்தாக வேண்டும், கொடுத்ததை வாங்கியாக வேண்டும், வாங்கியதைத் திருப்பியாக வேண்டும். நாமாக விரும்பிச் செய்வதைப் போல் தோன்றும், ஆனால் மூன்றில் எதையும் மறுக்க முடியாது. மொய்ப் பந்தலில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் இதைக் கண்ணால் பார்க்கலாம். பப்புவா நியூகினியின் ஹேகன் மலைப்பகுதி மக்களிடம் மோகா என்றொரு வழக்கம் உண்டு. பன்றிகளையும் முன்பு முத்துச் சிப்பிகளையும் ஒருவருக்கொருவர் முறைவைத்துக் கொடுத்துக்கொள்வார்கள். வாங்கிய அளவுக்குத் திருப்பித் தருவதை அவர்கள் கடன் தீர்ப்பதாகத்தான் கருதுகிறார்கள். அதற்கு மேல் தரும் கூடுதலுக்குத்தான் மோகா என்று பெயர். நம் ஊரில் புது மொய் செய்யும் வேலையும் இதுதான். சரிக்குச் சரி தந்தால் கணக்கு பூஜ்யமாகிறது. கணக்கு பூஜ்யமான இருவருக்கு அடுத்த விருந்தில் சந்திக்கக் காரணம் இல்லை. ஒருவர் மற்றவருக்குக் கொஞ்சமாவது கடன் பட்டிருக்கும்வரைதான் அழைப்பிதழ் வீடு தேடி வரும். 101 ரூபாய் எழுதும் பழக்கத்தில் அந்த ஒரு ரூபாயைப் பலரும் இப்படித்தான் விளக்குகிறார்கள்: நூறோடு நிறுத்தாமல் மேலே ஒன்று வைத்தால் உறவு தொடரும்.

உங்கள் பகுதியில் மொய் விருந்துக்கென்றே ஓர் அமைப்பு வளர்ந்திருப்பதை நீங்கள் சிறுவயதிலிருந்து பார்த்திருப்பீர்கள். பேராவூரணியிலிருந்து கீரமங்கலம், வடகாடு வரைக்கும் திருமணமோ காதுகுத்தோ இல்லாமலேயே, மொய்க்காக மட்டும் ஆடியிலும் ஆவணியிலும் விருந்து நடக்கிறது. ஆடியில் கல்யாணம் இல்லை, பந்தலும் சமையல்காரரும் கிடைப்பார்கள். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரே பந்தல் போட்டு, ஆட்டுக்கறிச் செலவைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பெயர்ப் பலகையுடன் தனி மேசை. சாப்பிட்டுவிட்டு வருபவர் தனக்குக் கணக்குள்ள மேசைகளுக்கு மட்டும் போவார். ஒருவர் ஒருமுறை வைத்தால் அடுத்து ஐந்து ஆண்டு கழித்துத்தான் வைப்பார் என்பது பொது வழக்கம். இந்த இடைவெளிதான் இதன் உயிர். ஐந்து ஆண்டுகளில் சிறுசிறு தொகையாக நூற்றுக்கணக்கான வீடுகளில் போட்டு வைத்தது ஒரே நாளில் மொத்தமாகத் திரும்புகிறது. ஆழ்துளைக் கிணறு போடவோ, மகளைக் கல்லூரியில் சேர்க்கவோ, மகனை வெளிநாட்டுக்கு அனுப்பவோ அந்தத் தொகை போதும். சீட்டு நடத்துபவர் இல்லாத சீட்டு என்று இதைச் சொல்லலாம். சீட்டில் எல்லோருக்கும் ஒரே தொகை, ஒரே கெடு. இங்கே ஒவ்வொரு இணைக்கும் தனித்தனிக் கணக்கு.

ஆனால் அந்த ஒரு நாளின் வசூலைப் பார்த்து மயங்கக் கூடாது. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒருவர் ஐந்து ஆண்டுகளில் 2 லட்சம் செய்து வைத்திருக்கிறார், அவர் விருந்தில் 5 லட்சம் விழுகிறது என்று கொள்வோம். அதில் 2 லட்சம் அவர் போட்டது. 3 லட்சம் புதுக் கடன். விருந்துச் செலவில் அவர் பங்கு 50,000 என்றால் கையில் நிற்பது 4.5 லட்சம். அடுத்த ஐந்து ஆண்டில் அந்த 3 லட்சத்தையும் திருப்ப வேண்டும். சராசரியாக ஆண்டுக்கு 60,000, அதுவும் ஆடி, ஆவணி என்ற இரண்டு மாதங்களுக்குள். மேலே வைக்கும் புது மொய் தனி. 4.5 லட்சத்தைக் கிணற்றிலோ தோப்பிலோ போட்டவர் அந்த வருமானத்திலிருந்து 60,000 எடுத்துவிடுவார். வீட்டு வாசலுக்குக் கிரானைட் போட்டவர் தடுமாறுவார். அவர் தடுமாறுகிறார் என்பதற்கு அடையாளம், ஆடி மாதத்தில் மொய் செய்வதற்காக வெளியில் வட்டிக்கு வாங்குவது. உங்கள் மனைவி அஞ்சும் கந்துவட்டி உண்மையில் நுழையும் கதவு அதுதான். மொய்யில் வட்டி இல்லை; மொய் செய்ய வாங்கும் பணத்துக்கு உண்டு.

எட்டு ஆண்டு இடைவெளி ஏன் வந்தது என்பதிலும் ஒரு பாடம் இருக்கிறது. நாம் பேச்சுக்குக் கொண்டபடி அவர் 2014-இல் வைத்திருந்தால், முறைப்படி 2019-இல் விருந்து வந்திருக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்து உங்கள் பகுதித் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. புதிதாக வைத்த நெட்டைக் கன்று காய்க்க ஆறேழு ஆண்டு ஆகும். அதன் பிறகு 2020-இல் ஊரடங்கு. ஒரு வீட்டுக்கு மட்டும் கஷ்டம் வந்தால் மற்ற நூறு வீடுகள் தாங்கும், மொய் அதற்குத்தான் ஏற்றது. எல்லா வீட்டுத் தோப்பும் ஒரே இரவில் விழுந்தால், யார் யாருக்குச் செய்வது? 2017-இல் விருந்து வைத்த உங்கள் அப்பா முழு வசூலோடு தப்பினார். அவருக்கு 5,000 செய்த அந்த மனிதர் தன் முறை வரும்போது தோப்பையும் இழந்து, விருந்தையும் தள்ளிப்போட்டு, எட்டு ஆண்டு காத்திருக்கிறார். அவர் நோட்டில் உங்கள் அப்பா பெயருக்கு நேராக என்ன இருக்கிறது என்று யோசிப்பதற்கு முன், இதை யோசியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு பக்கத்தையும் நான் மறைக்க விரும்பவில்லை. மொய்யை ஏழைகளுக்கான உதவி என்று மேடைகளில் பேசுவதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. போட்டவருக்குத்தான் திரும்பும். நிலமில்லாத கூலிக் குடும்பம் ஆண்டுக்கு ஐந்து வீட்டுக்கு 200 ரூபாய் செய்தால், அதன் விருந்துக்கும் அவ்வளவுதான் வரும். பந்தல் செலவுக்கே காணாது. கணவனை இழந்த பெண்களின் நிலை இன்னும் மோசம். கணவர் பெயரில் ஊரெல்லாம் செய்து வைத்த மொய், அவர் போனபின் அந்தப் பெண் தனியாக விருந்து வைக்காவிட்டால் அப்படியே கரைந்துவிடும். நான் களப்பணிக்குப் போன ஓர் ஊரில், மொய் எழுதும் மேசை அருகே நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். ஒரு மூதாட்டி 500 ரூபாயை நீட்டினார். யார் பெயருக்கு என்று எழுதுபவர் கேட்டார். இறந்து ஏழு ஆண்டான கணவர் பெயரைச் சொன்னார். அந்த மூதாட்டியின் பெயர் எங்கும் ஏறவில்லை. உங்கள் அம்மாவின் பெயரும் அந்த மூன்று நோட்டுகளில் இருக்காது என்று நினைக்கிறேன். எந்த வீட்டோடு என்ன உறவு, யார் கஷ்டத்தில் கைகொடுத்தார், யார் இருந்தும் கொடுக்காமல் விட்டார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரிந்திருக்கும். நோட்டை வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் அவர் சொல்வதை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்படி உட்கார்ந்தால் பெயர்கள் தாமாகவே பிரிந்துவிடும். தாய்மாமன், அத்தை, சித்தப்பா போன்ற நெருங்கிய உறவுகளை இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். தாய்மாமன் காதுகுத்துக்குக் கொண்டுவந்த சீரை ரூபாயாக்கித் திருப்ப நினைப்பது அவரை அவமதிப்பதாகும். அது அக்காள் தங்கை பிள்ளைகளை நோக்கி ஒரு வழியாகப் போகிற கடமை. நீங்கள் உங்கள் தங்கையின் பிள்ளைகளுக்குச் செய்யும்போது அது முன்னால் நகரும், பின்னால் திரும்பாது. அடுத்து, ஊரில் உங்கள் நிலத்தையும் அம்மாவையும் தினமும் பார்த்துக்கொள்பவர்கள் இருப்பார்கள். அம்மா அங்கே வாழும்வரை அவர்களோடு கணக்கைத் திறந்தே வையுங்கள். நள்ளிரவில் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் வண்டி எடுத்துக்கொண்டு ஓடிவருபவர் அவர்களில் ஒருவராக இருப்பார். கோயம்புத்தூரிலிருந்து நீங்கள் வந்து சேர ஐந்தாறு மணி நேரம் ஆகிவிடும்.

மீதி இருப்பவர்கள்தான் நீங்கள் நிறுத்த நினைக்கும் கணக்குகள்: அப்பாவின் வியாபாரப் பழக்கங்கள், கட்சி அறிமுகங்கள், ஒருமுறை மட்டும் வந்து எழுதிவிட்டுப் போனவர்கள். இவர்களிடம் நிறுத்த ஒரே வழி, கொடுத்துத் தீர்ப்பது. போகாமல் இருப்பது நிறுத்துவதாகாது. அது மொய் பாக்கி. மொய்க்குப் புரோநோட்டு கிடையாது, வழக்குப் போட்டு வாங்கவும் முடியாது, ஆகவே சட்டத்தின் பயம் உங்களுக்கு இல்லை. ஆனால் விருந்து முடிந்த மறுநாள் நோட்டைச் சரிபார்த்து, வராதவர் வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்பது பல ஊர்களில் உண்டு. உங்களுக்குப் பதிலாகத் திண்ணையில் உட்கார்ந்து அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளப்போவது உங்கள் அம்மா. தீர்ப்பதென்று முடிவு செய்தால், விலைவாசி ஏற்றத்தையும் சேர்த்துத் தாருங்கள். 2017-இன் 1,000 என்றால் 1,500 அல்லது 1,600 செய்துவிட்டு, "அப்பா கணக்கு இதோடு முடிந்தது, நாங்கள் இனி விருந்து வைக்கப்போவதில்லை" என்று விருந்துக்காரரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கூடுதலாகச் செய்தால் அதைப் புது மொய் என்று எடுத்துக்கொண்டு அவர் அழைப்பிதழை எதிர்பார்த்திருப்பார். எல்லோருக்கும் ஒரே ஆண்டில் தீர்க்கவும் வேண்டாம். அவரவர் விருந்து வரும்போது செய்தால் போதும். நான்கைந்து ஆண்டில் நோட்டு தானாகக் காலியாகும்.

ஆனால் முழுவதும் நிறுத்துவதற்கு முன் ஒரு முறை விருந்து வைப்பதைப் பற்றி யோசியுங்கள். அப்பா வெளியே போட்டு வைத்ததை மீட்க வேறு வழியே இல்லை. 2017-க்குப் பிறகு அவர் நோயில் விழும்வரை எத்தனை விருந்துக்குப் போனார் என்று அம்மாவிடம் கேளுங்கள். நாற்பது, ஐம்பது வீடு தேறுமானால், அடுத்த ஆடியில் பிறரோடு சேர்ந்து கூட்டு விருந்தில் ஒரு மேசை போடலாம். அவரவர் நோட்டைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். கூடுதலாகச் செய்ய வருபவரிடம் பழையதை மட்டும் போதும் என்று சொல்லி மேசையில் எழுத வையுங்கள். அதற்கு நடுவயதுக்காரர் ஒருவர், ஊரில் மரியாதை உள்ளவர், மேசையில் இருந்தால் நல்லது. புது மொய்யை மறுப்பது சிலருக்கு மனவருத்தம் தரும்.

இனி, இந்த ஆவணி விருந்தைப் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். அவருக்குத் தர வேண்டியது 2,000-தானா, 5,000-மா என்பது அம்மாவின் நினைவிலிருந்து தெரிந்துவிடும். 2,000 என்று தெரிந்தால் 10,000 செய்ய அவசியமில்லை. 5,000 செய்தாலே நல்ல தொகை புது மொய்யாக நிற்கும். முழு 5,000-மும் கடன் என்றால், அவர் காத்திருந்த எட்டு ஆண்டையும் கணக்கில் எடுத்து 8,000-க்குக் குறையாமல் செய்யுங்கள். அம்மா சொல்லும் 10,000-ஐ அவர் வாய்க்கு வந்த எண்ணென்று தள்ளாதீர்கள். அந்த வீட்டோடு தொடர்பு வேண்டும் என்று அவர் சொல்கிறார். பணத்தை யாரிடமும் கொடுத்தனுப்பாமல் அம்மாவை அழைத்துக்கொண்டு நீங்களே போங்கள், பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். மேசையில் யார் பெயருக்கு என்று கேட்பார்கள். அப்பா பெயரோடு நிறுத்தாமல், அவர் மகன் என்று உங்கள் பெயரையும் அம்மா பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு எழுந்திருங்கள்.